குழந்தையின் எடைக்கு மருந்துக் கணக்கு: விடையைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பது எப்படி?

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் வருஷம் படிக்கிறேன். குழந்தைகள் வார்டு போஸ்டிங் வரப்போகிறது. டோஸ் கணக்குப் பழக எக்செல்லில் ஒரு பயிற்சித் தாள் நானே செய்து வைத்திருக்கிறேன். கிலோவுக்கு இவ்வளவு என்று பெருக்குவது, பம்ப் ரேட் போடுவது எல்லாம் வருகிறது. ஆனால் போட்ட விடை சரிதானா என்று எனக்கே எப்படித் தெரியும்? தப்பைப் பிடிக்கிற மாதிரி தாளை எப்படி அமைப்பது?

பதில்:

உங்கள் தாளில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: ஒரு கட்டத்தில் எடை, அடுத்ததில் கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம், அப்புறம் விடை, பக்கத்திலேயே எக்செல் போட்ட விடை. இரண்டும் ஒத்துப்போனால் பச்சை நிறம். இதில் சரிபார்க்கப்படுவது உங்கள் பெருக்கல் மட்டும்தான். வார்டில் பெருக்கல் தப்புவது குறைவு, அதற்குக் கால்குலேட்டர் இருக்கிறது. எடையைத் தப்பாக எழுதுவது, ஒரு நாளைக்கான அளவை ஒரு வேளைக்கு என்று படிப்பது, கரைத்த மருந்தின் அடர்த்தியை மறப்பது, இவைதான் நடக்கும். இந்தத் தப்பு எதுவானாலும் உங்கள் கணக்கிலும் எக்செல் கணக்கிலும் ஒரே மாதிரி நுழைந்துவிடும், கட்டமும் பச்சையாகவே இருக்கும்.

அதனால் சரிபார்ப்பு வேறு வழியில் வர வேண்டும். ஆர்டரில் தொடங்கி பம்ப் வரை கணக்குப் போட்டீர்கள் என்றால், சரிபார்க்கும்போது கையில் இருக்கிற பொருளில் தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள். சிரிஞ்சில் எத்தனை மில்லி இருக்கிறது, வயல் லேபிளில் என்ன போட்டிருக்கிறது, பம்ப்பில் என்ன எண் ஓடுகிறது, இதிலிருந்து கிலோவுக்கு எவ்வளவு போகிறது என்று பாருங்கள். ஒரு மருந்தை எடுத்து முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன்.

இரண்டு வயதுக் குழந்தை, எடை 12 கிலோ. ஆர்டர்: வான்கோமைசின், ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணி நேரத்துக்கு ஒரு முறை. இந்த மருந்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. இதற்கு டோஸ் மட்டும் சரியாக இருந்தால் போதாது. நீர்த்தபின் ஒரு மில்லியில் 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது; 60 நிமிடத்துக்குக் குறையாமல் ஏற்ற வேண்டும்; நிமிடத்துக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஆக ஒரே கணக்கில் டோஸ், அடர்த்தி, வேகம் மூன்றும் வருகின்றன.

காகிதத்தில் பேனா வைக்கும் முன் மனக்கணக்காக ஒன்று போடுங்கள். 10 கிலோவாக இருந்தால் 150 மில்லிகிராம். இது 12 கிலோ, அதனால் 150-ஐவிடக் கொஞ்சம் கூட வரும், 200-ஐத் தொடாது. இந்த எண்ணைத் தாளின் ஓரத்தில் எழுதி வையுங்கள். விடை 18 என்றோ 1800 என்றோ வந்தால் இந்த ஓரத்து எண்தான் முதலில் கத்தும்.

இப்போது கணக்கு. 12 × 15 = 180 மில்லிகிராம். வயலில் 500 மில்லிகிராம் பவுடர். 10 மில்லி ஊசிநீர் விட்டுக் கரைத்தால் ஒரு மில்லியில் 50 மில்லிகிராம். (சில பவுடர்கள் கரைந்தால் மொத்த அளவு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கூடிவிடும். அப்படிப்பட்ட மருந்துக்கு எத்தனை மில்லி விட வேண்டும், கரைத்தபின் அடர்த்தி என்ன என்பதை லேபிளைப் பார்த்தே எழுத வேண்டும்.) 180-ஐ 50-ஆல் வகுத்தால் 3.6 மில்லி. இதுதான் சிரிஞ்சில் எடுக்க வேண்டிய அளவு.

அப்புறம் நீர்த்தல். 180-ஐ 5-ஆல் வகுத்தால் 36. மொத்த அளவு குறைந்தது 36 மில்லி இருக்க வேண்டும். பியூரெட்டில் பார்த்து அளக்க வசதியாக 40 மில்லி என்று வைத்துக்கொள்வோம். அப்போது அடர்த்தி மில்லிக்கு 4.5 மில்லிகிராம், எல்லைக்குள்தான். இங்கே ஒரு நுணுக்கம்: '40 மில்லி ஆக்குவது' வேறு, '40 மில்லியில் சேர்ப்பது' வேறு. முதலாவதில் நார்மல் சலைன் 36.4 மில்லி, மருந்து 3.6 மில்லி. இரண்டாவதில் மொத்தம் 43.6 மில்லி ஆகிவிடும். 60 நிமிடத்தில் பம்ப் 40 மில்லியோடு நிற்கும். மீதி 3.6 மில்லி நின்றுபோகும், அதாவது டோஸில் பன்னிரண்டில் ஒரு பங்கு குழந்தைக்குப் போகாது. உங்கள் தாளில் 'மொத்த அளவு' என்று தனிக் கட்டமே வையுங்கள். 'சலைன்' என்று மட்டும் எழுதினால் இந்தக் குழப்பம் தீராது.

வேகம்: 40 மில்லி, ஒரு மணி நேரம். பம்ப்பில் மணிக்கு 40 மில்லி. மருந்தாகப் பார்த்தால் 180-ஐ 60-ஆல் வகுத்து நிமிடத்துக்கு 3 மில்லிகிராம். மருந்து முடிந்ததும் குழாயில் தங்கியிருப்பதையும் அதே வேகத்தில் சலைன் விட்டு உள்ளே தள்ள வேண்டும். சிறு குழந்தைக்குக் குழாயில் தங்குவதே டோஸில் ஒரு நல்ல பங்கு.

இனி பின்னோக்கி. கணக்கை மூடி வைத்துவிட்டுச் சிரிஞ்சைப் பாருங்கள். 3.6 மில்லி. லேபிள்: 500 மில்லிகிராம், 10 மில்லியில் கரைத்தது. 3.6 × 50 = 180. குழந்தையின் எடை 12. ஆக கிலோவுக்கு 15. ஒரு நாளைக்கு நான்கு வேளை, ஆக கிலோவுக்கு 60. இந்தக் கடைசி எண்ணை ஆர்டரோடு மட்டும் ஒப்பிடாமல் உங்கள் யூனிட் புரோட்டோக்கால் அல்லது மருந்துக் கையேட்டோடு ஒப்பிடுங்கள். ஆர்டரிலேயே தப்பு இருந்தால் அதைப் பிடிக்கிற இடம் இதுதான். அடுத்து பம்ப்: 40 மில்லியை மணிக்கு 40 வீதம் விட்டால் 60 நிமிடம். சரி.

நீங்கள் கவனிக்க வேண்டியது, திரும்பி வரும்போது முன்னே கண்டுபிடித்த 180-ஐயோ 4.5-ஐயோ எடுத்துக்கொள்ளவில்லை. சிரிஞ்சிலும் லேபிளிலும் கண்ணால் படித்த எண்களை மட்டும் எடுத்தோம். முன்னே போட்ட விடையையே திரும்ப எடுத்துப் பெருக்கினால் அது திருப்பிப் போட்டது ஆகாது, அதே வழியில் இன்னொரு தடவை நடந்தது ஆகும்.

இப்போது தப்புகளுக்கு வருவோம். இதே ஆர்டர் சில கேஸ் ஷீட்டில் வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும்: ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 60 மில்லிகிராம், நான்காகப் பிரித்து. அவசரத்தில் அந்த 60-ஐ ஒரு வேளை அளவாகப் படித்துவிட்டால் 720 மில்லிகிராம் வரும். குழந்தை மருந்துக் கணக்கில் எனக்குத் தெரிந்து அடிக்கடி கண்ணில் படுகிற தப்பு இதுதான். இதை எந்தச் சரிபார்ப்பு பிடிக்கும் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

'பெரியவர்களுக்கான உச்ச அளவைத் தாண்டக் கூடாது' என்று தாளில் ஒரு கட்டம் வைத்திருப்பீர்கள். ஒரு வேளைக்கு 2 கிராம் என்று வைத்திருந்தால் 720 அதற்குள் சுலபமாக அடங்கிவிடும், கட்டம் 'சரி' என்றே சொல்லும். பெரியவர் உச்சவரம்பு 40 கிலோ குழந்தைக்குப் பயன்படும், 12 கிலோ குழந்தையைக் காப்பாற்றாது. அதைவிட நல்ல அடையாளம் கையிலேயே இருக்கிறது. 720-க்கு இரண்டு வயல் உடைக்க வேண்டும். 12 கிலோ குழந்தைக்கு ஒரே வேளைக்கு இரண்டாவது வயலைக் கை எடுக்கும்போதே நிற்க வேண்டும். சில மருந்துக்குச் சரியான டோஸே இரண்டு வயல் கேட்கும். அப்படியானாலும் நின்று பார்ப்பதற்கு அரை நிமிடம்தான் ஆகும். தாளில் 'எத்தனை வயல்' என்று ஒரு கட்டம் வையுங்கள், ஒன்றுக்கு மேல் போனால் மஞ்சள் ஆகட்டும்.

அடுத்தது வேகக் கட்டம். 720 மில்லிகிராமை 60 நிமிடத்தில் விட்டால் நிமிடத்துக்கு 12. எல்லை 10. கட்டம் சிவப்பாகும். இங்கேதான் மாணவர்கள் இன்னொரு குழியில் விழுவார்கள். 'வேகம் அதிகம், சரி, 72 நிமிடமாக்கிவிடலாம்' என்று நேரத்தைக் கூட்டுவார்கள். உடனே நிமிடத்துக்குச் சரியாக 10 ஆகிவிடும், சிவப்பு போய்விடும், நான்கு மடங்கு டோஸ் அப்படியே நிற்கும். ஒரு கட்டம் சிவப்பானால் அந்தக் கட்டத்தைச் சமாதானப்படுத்தக் கூடாது. ஆர்டரின் முதல் எழுத்திலிருந்து திரும்பப் படிக்க வேண்டும். தாளிலேயே இதை ஒரு விதியாக எழுதி வையுங்கள்.

மொத்த நீரின் அளவும் துப்புக் கொடுக்கும். 720 மில்லிகிராமுக்குக் குறைந்தது 144 மில்லி வேண்டும். ஹாலிடே-சீகர் முறைப்படி 12 கிலோ குழந்தைக்கு ஒரு நாளைக்கான பராமரிப்பு நீர் முதல் 10 கிலோவுக்கு 1000, அடுத்த 2 கிலோவுக்கு 100, ஆக 1100 மில்லி. மணிக்குச் சுமார் 46. ஒரு மருந்துக்கு மட்டும் ஒரு மணி நேரத்தில் 144 மில்லி என்றால் அது மூன்று மடங்கு. சரியான டோஸில் பார்த்தால் நான்கு வேளைக்கு 160 மில்லி; அதைக்கூட அந்த 1100-இல் கழித்துக்கொள்ள வேண்டியிருக்கும், டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்தோடு போகிற நீரைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதால் இதய நோய், சிறுநீரக நோய் உள்ள குழந்தைகளுக்கு நீர் கூடிப்போகும்.

பம்ப் இல்லாத வார்டில் சொட்டு எண்ண வேண்டி வரும். பியூரெட்டோடு வருகிற மைக்ரோ செட்டில் 60 சொட்டு ஒரு மில்லி. அதனால் மணிக்கு 40 மில்லி என்றால் நிமிடத்துக்கு 40 சொட்டு, எண் மாறாது. 15 விநாடிக்கு 10 சொட்டு என்று கடிகாரத்தைப் பார்த்து எண்ணலாம். இந்த வசதியே ஆபத்தும்கூட. எண் ஒன்றாக இருப்பதால் செட்டைப் பார்க்காமலேயே '40 சொட்டு' என்று கைக்குப் பழகிவிடும். ஒரு நாள் மைக்ரோ செட் தீர்ந்துபோய், 20 சொட்டுக்கு ஒரு மில்லி என்கிற சாதாரண ஐ.வி. செட் மாட்டப்பட்டிருக்கும். அதில் மணிக்கு 40 மில்லி போக நிமிடத்துக்கு 13 சொட்டுதான் விட வேண்டும். பழக்கத்தில் 40 சொட்டு விட்டால் மணிக்கு 120 மில்லி. 40 மில்லி 20 நிமிடத்தில் முடிந்துவிடும்.

இதை உங்கள் வேகக் கட்டம் பிடிக்குமா? 180-ஐ 20-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 9 மில்லிகிராம். எல்லை 10. பிடிக்காது! நிமிடத்துக்கு 10 என்கிற வரம்பு பெரிய உடம்பின் டோஸுக்குத்தான் கடிவாளம். சிறு குழந்தைக்கு 60 நிமிடம் என்கிற வரம்புதான் வேலை செய்யும். இரண்டு கட்டமும் தனித்தனியாக இருக்க வேண்டும், இரண்டில் எது அதிக நேரம் கேட்கிறதோ அதுவே செல்லும். படுக்கையருகில் இதன் அடையாளம், முகம், கழுத்து, மேல்மார்பு சிவந்து குழந்தை சொறியத் தொடங்கும். சிலருக்கு ரத்த அழுத்தம் இறங்கும். உடனே மருந்தை நிறுத்தி டாக்டரைக் கூப்பிட வேண்டும். மிக வேகமாகப் போனதால் வரும் விளைவு இது. ஆனால் அலர்ஜியா என்பதையும் அவர்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இதுவரை சொன்ன எல்லாக் கட்டத்தையும் ஏமாற்றி உள்ளே வரக்கூடியது எடை. 12 கிலோவை 21 என்று எழுதிவிட்டால் முன்னோக்கிய கணக்கும் பின்னோக்கிய கணக்கும் அதே 21-ஐத்தான் எடுக்கும். இரண்டும் அழகாக ஒத்துப்போகும். அதனால் எடைக்குத் தனிச் சாட்சி வேண்டும், அது வயது. 1 முதல் 6 வயது வரை வயதை 2-ஆல் பெருக்கி 8-ஐக் கூட்டுங்கள். 3 மாதத்திலிருந்து 12 மாதம் வரை மாதத்தோடு 9-ஐக் கூட்டிப் பாதியாக்குங்கள். வீச் சூத்திரம் என்று உங்கள் பாடத்திலேயே இருக்கும். இரண்டு வயதுக்கு 12 வருகிறது. எழுதிய எடை இதிலிருந்து 30 சதவீதத்துக்கு மேல் விலகினால் தாள் கேள்வி கேட்கட்டும்.

விலகினால் எடை தப்பு என்று அர்த்தமில்லை. போஷாக்குக் குறைந்த இரண்டு வயதுக் குழந்தை 8 கிலோவும் இருக்கும். அதற்கு டோஸ் 8 கிலோவுக்குத்தான் போட வேண்டும், சூத்திரத்தின் 12-க்கு அல்ல. சூத்திரம் சொல்வதெல்லாம் 'தராசில் இன்னொரு தடவை நிறுத்துப் பார்' என்பது மட்டும். அம்மா சொன்ன எடை, போன மாதத்து ஓ.பி. சீட்டில் இருந்த எடை எல்லாம் தராசு எடை ஆகாது. தாளில் 'எப்போது நிறுத்தது' என்றும் ஒரு கட்டம் இருக்கட்டும்.

எக்செல்லில் இதை எப்படி வைப்பது? B பத்தியில் ஆர்டரும் லேபிளும் சொல்வது. B1 எடை, B2 வயது (வருஷத்தில்), B3 கிலோவுக்கு ஒரு வேளை அளவு, B5 வயலில் மில்லிகிராம், B6 கரைத்தபின் மில்லி, B7 அதிகபட்ச அடர்த்தி, B8 மொத்த அளவு, B9 குறைந்தபட்ச நிமிடம். C பத்தியில் நீங்கள் கையால் போட்ட விடை: C11-இல் சிரிஞ்சில் எடுக்கிற மில்லி, C12-இல் பம்ப் ரேட். D பத்தி சரிபார்ப்பு மட்டும், வரிசையாக டோஸ், அடர்த்தி, நேரம், எடை:

```
D10: =IF(ABS(C11*B5/B6/B1-B3)<=0.05*B3,"சரி","நில்")
D11: =IF(AND(C11>0,C11*B5/B6/B8<=B7),"சரி","நில்")
D12: =IF(B8/C12*60>=B9,"சரி","நில்")
D13: =IF(ABS(B1-(B2*2+8))<=0.3*(B2*2+8),"சரி","எடை பார்")
```

D பத்தி எங்கேயும் விடையைச் சொல்லாது என்பதைப் பாருங்கள். '3.6' என்று காட்டினால் நீங்கள் அதைப் பார்த்து உங்கள் எண்ணைத் திருத்திவிடுவீர்கள், தப்பு எங்கே என்று தேட மாட்டீர்கள். 'நில்' என்று மட்டும் சொன்னால் தேடித்தான் ஆக வேண்டும். இரண்டாவது வரியில் `C11>0` என்று இருப்பதற்கும் காரணம் உண்டு. அது இல்லாவிட்டால் கட்டத்தைக் காலியாக விட்டாலும் பூஜ்யம் 5-ஐவிடக் குறைவு என்று எக்செல் 'சரி' போட்டுவிடும். மேல் எல்லை மட்டும் பார்க்கிற எல்லாக் கட்டத்துக்கும் இந்த ஓட்டை இருக்கும். 5 சதவீதம் விட்டிருப்பது கடைசியில் சிரிஞ்சின் கோட்டுக்கு ஏற்ப முழுமையாக்குவதற்காக. நடுவில் எங்கேயும் முழுமையாக்காதீர்கள். கடைசி வரி 1 முதல் 6 வயதுக்கு மட்டும்தான், கைக்குழந்தைக்கு வேறு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது தொடர்ந்து ஓடுகிற மருந்து. இதில் மைக்ரோகிராம், நிமிடம், மணி எல்லாம் சேர்ந்து வரும். 8 கிலோ எடையுள்ள ஏழு மாதக் குழந்தை (7 + 9, அதில் பாதி 8, எடை பொருந்துகிறது). அட்ரினலின், நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராம். பம்ப் மணிக் கணக்கில் ஓடுவதால் 0.1 × 8 × 60 = 48 மைக்ரோகிராம் ஒரு மணிக்கு.

பல இடங்களில் இன்னும் பழைய குறுக்குவழி ஓடுகிறது: எடையை 0.3-ஆல் பெருக்கி அத்தனை மில்லிகிராமை 50 மில்லியில் கலந்துவிட்டால், மணிக்கு 1 மில்லி என்பது 0.1 மைக்ரோகிராம் ஆகிவிடும். 'ஆறின் விதி' என்பதன் 50 மில்லி வடிவம் இது. 0.1 × 60 நிமிடம் × 50 மில்லி = 300 மைக்ரோகிராம், அதுதான் அந்த 0.3. நம் குழந்தைக்கு 2.4 மில்லிகிராம் கலந்து மணிக்கு 1 மில்லி. கணக்கு சரி, வேலையும் சுலபம்.

ஆனால் இந்த வழியில் தப்பு ஒளிந்துகொள்ளும். கலக்கிறவர் 8 கிலோவை 18 என்று படித்தால் 5.4 மில்லிகிராம் கலப்பார். பம்ப்பில் என்ன எண் இருக்கும்? அதே 1. டியூட்டி மாறி வருகிறவர் '1 மில்லி ஓடுகிறது, 0.1 போகிறது' என்று எழுதிவிட்டுப் போவார். உண்மையில் 108 மைக்ரோகிராம் ஒரு மணிக்கு, அதாவது கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.225. பம்ப் எண் எல்லாக் குழந்தைக்கும் ஒரே மாதிரி இருப்பதால் அது எதற்கும் சாட்சி ஆகாது. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தருகிற ஜாயின்ட் கமிஷன் இந்த விதியை விட்டுவிட்டு நிலையான அடர்த்திக்கு மாறும்படி மருத்துவமனைகளைக் கேட்டுக்கொண்டதற்கு இப்படிப்பட்ட சிக்கல்களே காரணம்.

நிலையான அடர்த்தியில் இதே கணக்கு: 2 மில்லிகிராம், அதாவது 1 மில்லிகிராம் ஆம்ப்யூல் இரண்டு, மொத்தம் 50 மில்லி ஆக்கினால் ஒரு மில்லியில் 40 மைக்ரோகிராம். 48-ஐ 40-ஆல் வகுத்தால் மணிக்கு 1.2 மில்லி. திருப்பிப் போடுங்கள்: 1.2 × 40 = 48; 60-ஆல் வகுத்து 0.8, 8-ஆல் வகுத்து 0.1. எடையை 18 என்று போட்டிருந்தால் 2.7 மில்லி வந்திருக்கும். எடைவாரியாக ரேட் அட்டவணை சுவரில் ஒட்டியிருந்தால் அங்கே 8 கிலோவுக்கு நேரே 1.2 என்று இருக்கும், பொருந்தாதது உடனே தெரியும்.

மணிக்கு மாற்ற 60-ஆல் பெருக்க மறந்தால் விடை 0.02 வரும். அந்த எண்ணை எந்தச் சிரிஞ்ச் பம்ப்பிலும் யாரும் வைக்க மாட்டார்கள், அதனால் அந்தத் தப்பு தானாக வெளியே வந்துவிடும். புள்ளி விடுபடுவதுதான் பயங்கரம்: 1.2-க்குப் பதில் 12. பம்ப் தாராளமாக ஓட்டும். இதற்கு ஒரு நேரக் கட்டம் வையுங்கள்: 'சிரிஞ்ச் எத்தனை மணி நேரம் வரும்?' 50-ஐ 1.2-ஆல் வகுத்தால் சுமார் 42 மணி. மருந்தை அதற்கு முன்னாலேயே மாற்றிவிடுவோம், அது வேறு விஷயம். 12 என்று வைத்தால் நான்கு மணி நேரத்தில் காலி. கைக்குழந்தைக்கு ஓடுகிற அட்ரினலின் சிரிஞ்ச் ஒரு ஷிப்டுக்குள் தீர்கிறது என்றால் டோஸ் பத்து மடங்கு என்று சந்தேகப்படலாம். பம்ப் எண்ணைப் பார்க்காமல் சிரிஞ்சின் கோட்டை மட்டும் பார்த்தே சொல்லக்கூடியது இது. ஒரு மணிக்கு முன் எந்தக் கோட்டில் இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது, அவ்வளவுதான்.

புள்ளி சம்பந்தமாகத் தாளில் எழுதும் முறையும் இப்போதே பழகிவிடுங்கள். 0.5 என்று முன்னால் பூஜ்யம் போட்டு எழுதுங்கள். வெறும் புள்ளி 5 என்று எழுதினால் புள்ளி அழிந்து 5 ஆகும். முழு எண்ணுக்குப் பின்னால் 1.0 என்று எழுதாதீர்கள், 10 ஆகிவிடும். மைக்ரோகிராமுக்குக் கிரேக்க எழுத்துப் போட வேண்டாம், கையெழுத்தில் அது மில்லிகிராம் மாதிரியே தெரியும். அப்படிப் படித்தால் ஆயிரம் மடங்கு.

இன்னொருவரை வைத்துச் சரிபார்ப்பதையும் தாளிலேயே பழகலாம். உங்கள் தோழியிடம் '180 வருகிறது, சரியா பார்' என்று கேட்காதீர்கள். எண்ணைக் கேட்டபின் மனசு அந்த எண்ணைத் தேடித்தான் போகும். ஆர்டரையும் வயலையும் மட்டும் கொடுங்கள், C பத்தியை மறைத்துவிடுங்கள், அவள் தன் விடையை எழுதியபின் இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். வார்டில் அட்ரினலின், பொட்டாசியம், இன்சுலின், மார்ஃபின் மாதிரி மருந்துகளுக்கு இரண்டாவது நர்ஸ் கையெழுத்துப் போடுவது இந்த முறையில் நடந்தால்தான் அது சரிபார்ப்பு.

கடைசியாக, தாளில் 'விடை கண்டுபிடி' கணக்குகள் மட்டும் வைக்காமல், போட்டு முடித்த கணக்குகளைக் கொடுத்து 'இதைக் குழந்தைக்குப் போடலாமா?' என்று கேட்கிற வரிசைகளும் வையுங்கள். சிலது சரியாகவும் இருக்கட்டும், இல்லாவிட்டால் எல்லாவற்றிலும் தப்பு இருக்கும் என்று தெரிந்து தேடுவீர்கள். மாதிரிக்கு இரண்டு. முதல் குழந்தை 20 கிலோ, வான்கோமைசின் அதே ஆர்டர்: 300 மில்லிகிராம், 6 மில்லி எடுத்து, மொத்தம் 60 மில்லி ஆக்கி, மணிக்கு 60 மில்லி. இரண்டாவது குழந்தை 9 கிலோ, அதே ஆர்டர்: 135 மில்லிகிராம், 2.7 மில்லி எடுத்து, மொத்தம் 20 மில்லி ஆக்கி, மணிக்கு 20 மில்லி.

முதலாவது சரி, அடர்த்தி எல்லையிலேயே, 5-இல் நிற்கிறது, தாண்டவில்லை. இரண்டாவதில் டோஸ் கிலோவுக்கு 15, நேரம் 60 நிமிடம், வயல் ஒன்று, எல்லாம் பொருந்தும். அடர்த்தி மட்டும் 135-ஐ 20-ஆல் வகுத்து 6.75. குறைந்தது 27 மில்லி வேண்டும். 30 மில்லி ஆக்கி மணிக்கு 30 மில்லி விட்டால் 4.5-க்கு வந்துவிடும். இதை D11 கட்டம் இல்லாமல், கண்ணால் மட்டும் பார்த்துப் பிடிக்கிற வரை இந்த மாதிரி வரிசைகளை எடையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருங்கள். வார்டில் எக்செல் இருக்காது. இந்தத் தாள் பழகுவதற்கு மட்டும்தான், அங்கே போடுவது டாக்டரின் ஆர்டரும் உங்கள் யூனிட் புரோட்டோக்காலும் சொல்கிற அளவு.